வீட்டிலேயே ராக் டெமோ பதிவு: இன்டர்ஃபேஸ், மைக், இலவச மென்பொருள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் எலக்ட்ரிக் கிட்டார், ஒருவர் பேஸ், ஒருவர் பாட்டு. டிரம்ஸுக்கு ஆள் இல்லை. மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுக்கு டெமோ எடுக்க என்னென்ன வாங்க வேண்டும்?

கிட்டார், மைக் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோக இரண்டு உள்ளீடு உள்ள யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்று, டைனமிக் மைக் ஒன்று, மைக் ஸ்டாண்டு, பாப் ஃபில்டர், எக்ஸ்எல்ஆர் கேபிள், கிட்டார் கேபிள், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன். இவ்வளவு போதும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, பெரிங்கர் யுஎம்சி202எச்டி ஆகிய இரண்டில் எது கையில் கிடைத்தாலும் சரி. ஒவ்வொருவராகப் பதிவு செய்யப் போகிறீர்கள், அதனால் எட்டு உள்ளீடு உள்ள பெரிய இன்டர்ஃபேஸுக்குப் பணம் போட வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான். முகப்பில் `INST` என்ற பொத்தான் இருக்க வேண்டும். கிட்டாரின் பிக்கப் ஏறத்தாழ 1 மெகாஓம் மின்மறுப்பு உள்ள உள்ளீட்டை எதிர்பார்க்கிறது. சாதாரண லைன் உள்ளீட்டில் அது பல மடங்கு குறைவு. அதில் செருகினால் ஒலி மெலிந்து, மேல்பகுதி மங்கி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலக் கேட்கும். கிட்டாரும் பேஸும் நேராக இன்டர்ஃபேஸுக்குள் போவதே இந்த முறையின் அடிப்படை. ஆம்ப்ளிஃபையர் சத்தம் பிறகு மென்பொருளில் வரும்.

ஹெட்ஃபோனில் கஞ்சம் பிடிக்காதீர்கள். காது திறந்த ரகமாக இருந்தால் தாளம் காட்டும் க்ளிக் சத்தம் வெளியே கசிந்து பாட்டு ட்ராக்கில் ஏறிவிடும். அதைப் பிறகு எடுக்கவே முடியாது.

கடையில் கண்டென்சர் மைக்தான் "ஸ்டுடியோ மைக்" என்கிறார்கள். அதை வாங்கலாமா?

ஒலி தடுப்பு செய்த அறை இருந்தால் வாங்கலாம். நம் வீடுகளில் பெரும்பாலும் தளம் கான்கிரீட், தரை மொசைக் அல்லது டைல்ஸ், சுவர் வெறுஞ்சுவர். கண்டென்சர் மைக்கின் உணர்திறன் அதிகம். அதில் 15 செ.மீ. தள்ளி நின்று பாடுவார்கள். அந்தத் தூரத்தில் பாடகரோடு சேர்ந்து அறையின் எதிரொலி, பக்கத்து வயலில் ஓடும் மோட்டார், தெருவில் போகும் மினி பஸ் எல்லாம் ஏறும்.

ஷூர் எஸ்எம்58, எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கில் வாயை 5 முதல் 8 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவரலாம். குரல் பலமாகவும் அறை மெல்லியதாகவும் விழும். ராக் பாட்டு உரக்கப் பாடுவது, அதனால் டைனமிக் மைக்குக்கு வேண்டிய கூடுதல் கெய்ன்கூடப் பிரச்சினை ஆவதில்லை. எஸ்எம்57 வாங்கினால் பிற்பாடு கிட்டார் ஆம்ப் முன்னாலும் வைக்கலாம். ஆனால் பாடும்போது பாப் ஃபில்டர் கட்டாயம் வேண்டும்.

கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் `48V` பொத்தான் டைனமிக் மைக்குக்குத் தேவையில்லை, அணைத்தே வையுங்கள்.

எந்த அறையில் வைத்து எடுப்பது? எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு, முற்றம் இருக்கிறது.

முற்றத்தை ஒட்டிய கூடம் வேண்டாம். வெளிச்சத்தம் அதன் வழியாகத்தான் வருகிறது. மெத்தை, பாய், துணி அலமாரி உள்ள படுக்கை அறைதான் நல்லது. அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். "டிர்ர்" என்று உலோகத் தன்மையோடு ஒரு வால் கேட்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி துள்ளுகிறது. இரண்டில் ஒரு சுவரை மூடினாலே அது அடங்கிவிடும்.

மைக்கின் பின்புறத்தை மூடுவதுதான் முக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மைக்குகள் முன்பக்கத்தைக் கேட்பவை, பின்பக்கம் அவற்றுக்கு மந்தம். மைக்கின் முன்பக்கம் என்பது பாடகரும் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரும்தான். ஆகவே இலவம்பஞ்சு மெத்தையைப் பாடகரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள், அல்லது கொடியில் இரண்டு கனத்த போர்வைகளை மடிப்பு விழத் தொங்கவிடுங்கள். மைக்கின் முதுகை மடிக்கணினி இருக்கும் பக்கம் திருப்பினால் அதன் விசிறிச் சத்தம் குறையும்.

அறுவடை முடிந்து வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருந்தால் அந்த அறையையும் சோதித்துப் பாருங்கள். சணல் சாக்கும் ஒழுங்கற்ற மேற்பரப்பும் எதிரொலியைக் கொஞ்சம் உடைக்கும், மெத்தை அளவுக்கு இல்லை. தூசி மட்டும் கிளம்பும், அது பாடகரின் தொண்டைக்கு ஆகாது.

மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். வெயில் காலத்தில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் பாட வைக்காமல் பத்து நிமிடம் பாடி, கதவைத் திறந்து, விசிறி போட்டு, மறுபடி பாடுங்கள். மார்கழிக் காலையில் கோயில் ஒலிபெருக்கி, ஐப்பசி மழை இரவில் தவளைச் சத்தம் இரண்டுக்கும் மெத்தை பயன்படாது. நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை நாளைச் செய்தித்தாளில் முன்கூட்டியே போடுவார்கள். மோட்டார், மிக்சி, விசிறி, தொலைக்காட்சி எல்லாம் தெரு முழுக்க ஓய்ந்திருக்கும் அந்தப் பகல், பாட்டு எடுக்க அருமையான நேரம். யுஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸுக்கு மடிக்கணினியின் பேட்டரி போதும்.

கிட்டாரைச் செருகியதும் "ம்ம்ம்" என்று ஓயாமல் இரைகிறது. இன்டர்ஃபேஸ் கெட்டுப்போனதா?

அநேகமாக இல்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த 50-ம் அதன் மடங்குகளான 100, 150-ம்தான் அந்த இரைச்சல். எங்கிருந்து நுழைகிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள்.

முதலில் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி சார்ஜரும் எர்த்தும். இரண்டு முள் சார்ஜரில் இது சகஜம். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், ஆனால் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பி வந்திருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பேட்டரியில் பதிவு செய்யுங்கள். இரைச்சல் போகிறது என்று ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் முள்ளை யாரும் வெட்டக் கூடாது. கசிவு ஏற்பட்டால் கிட்டாரின் கம்பியிலேயே மின்சாரம் பாயும், அதே நேரத்தில் உதடு மைக்கில் படும்.

சார்ஜரைப் பிடுங்கியும் நிற்கவில்லையா? கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றுங்கள். ஒரு திசையில் இரைச்சல் பாதியாகக் குறைந்தால் பிக்கப் காற்றிலிருந்து வாங்குகிறது என்று பொருள். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பு அது. டியூப்லைட், ரெகுலேட்டர், மானிட்டர் ஆகியவற்றை அணைத்துவிட்டு, குறைவாகக் கேட்கும் திசையில் நாற்காலியைப் போட்டு வாசியுங்கள். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது சாதாரணம். தொட்டால் அதிகமானால் கிட்டாருக்குள் எர்த் இணைப்பு விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கரண்ட் போய் இன்வர்ட்டர் ஓடும்போது மட்டும் "ஜ்ஜ்ஜ்" என்று கரகரப்பு வந்தால், அது சதுர அலை இன்வர்ட்டர். அதிலிருந்து சார்ஜரைக் கழற்றி வைத்தால் போதும்.

எந்த இலவச மென்பொருள்? ஆடாசிட்டி போதாதா?

ஒரே ஒரு ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்ட ஆடாசிட்டி நல்லது. ஆனால் கிட்டாரை ஆம்ப் சத்தத்தோடு கேட்டுக்கொண்டே வாசிக்க, தாமதத்தைக் குறைக்கும் `ASIO` டிரைவர் வேண்டும். ஆடாசிட்டி அந்த வேலைக்கென்று செய்யப்பட்டதல்ல. விண்டோஸில் வேவ்ஃபார்ம் ஃப்ரீ போடுங்கள். ட்ராக் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, ஆம்ப், டிரம்ஸ் போன்ற சத்தங்களைத் தரும் வெளி பிளகின்களும் வேலை செய்யும். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் கையிலேயே இருக்கிறது.

இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை முதலில் நிறுவி, அதன் பிறகு கேபிளைச் செருகுங்கள். யுஎஸ்பி ஹப் வழியாக வேண்டாம், மடிக்கணினியில் நேராக. மென்பொருளின் ஆடியோ அமைப்பில் அந்த நிறுவனத்தின் `ASIO` டிரைவரைத் தேர்ந்தெடுத்து, 44,100 ஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்து, பாட்டு முடியும்வரை அதை மாற்றாதீர்கள்.

வாசிப்பது கொஞ்சம் தாமதமாகக் காதில் விழுகிறது. எப்படிச் சரிசெய்வது?

கணினி ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கையாளும் பஃபரின் அளவை ஆடியோ அமைப்பில் குறையுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் உள்ளே வர 23 மில்லி விநாடி, வெளியே போக இன்னொரு 23. இந்த இடைவெளியில் யாராலும் தாளத்தில் வாசிக்க முடியாது. 128 ஆக்கினால் ஒரு வழிக்கு 3 மில்லி விநாடிக்கும் குறைவு. டிரைவர் எடுத்துக்கொள்ளும் நேரம் சேர்ந்தாலும் கை அதைப் பொருட்படுத்தாது. 128-ல் "டிக் டிக்" என்று வெடிப்புச் சத்தம் வந்தால் கணினி திணறுகிறது. வைஃபையை அணைத்து, பிரவுசரை மூடி, மின் அமைப்பை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியும் வந்தால் 256. பதிவெல்லாம் முடிந்து மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றிவிடலாம், அப்போது தாமதம் யாரையும் பாதிக்காது.

இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தான் பலரைக் குழப்புகிறது. பாடும்போது அதைப் போட்டு, மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டரை அணையுங்கள். குரல் தாமதமே இல்லாமல் கேட்கும். கிட்டாருக்கு நேர் எதிர்: டைரக்ட் மானிட்டரை அணைத்து மென்பொருள் மானிட்டரைப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் குரல் இரட்டையாகக் கேட்கும், டிஸ்டார்ஷன் கிட்டாருக்கு அடியில் மொட்டைக் கம்பிச் சத்தமும் கேட்கும்.

கெய்ன் எவ்வளவு வைப்பது?

பாட்டில் வரும் ஆகப் பலமான இடத்தை வாசிக்கச் சொல்லுங்கள். மென்பொருள் மீட்டரில் உச்சம் –12 முதல் –6 டெசிபலுக்குள் நிற்கும்படி குமிழைத் திருப்புங்கள். சோதனையின்போது எல்லாரும் அடக்கி வாசிப்பார்கள், பதிவு விளக்கு எரிந்ததும் கை வேகம் பிடிக்கும். அந்த 6 டெசிபல் இடைவெளி அதற்காகத்தான். 24 பிட் பதிவில் ஒலி கொஞ்சம் குறைவாக இருந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். சிவப்பு எரிந்து உச்சி வெட்டுப்பட்ட டேக்கை மீட்க வழியில்லை, மறுபடி வாசிக்க வேண்டியதுதான்.

எதை முதலில் பதிவது? டிரம்ஸுக்கு என்ன செய்ய?

முதலில் பாட்டின் வரைபடம். உங்கள் பாட்டு நிமிடத்துக்கு 120 அடி, நாலடித் தாளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பார் 2 விநாடி, மூன்று நிமிடத்துக்கு 90 பார். முன்னிசை 8, முதல் சரணம் 16, கோரஸ் 8, இரண்டாம் சரணம் 16, கோரஸ் 8, சோலோ 16, கடைசிக் கோரஸ் 16, முடிப்பு 2. கூட்டினால் 90. மென்பொருளில் 1, 9, 25, 33, 49, 57, 73, 89 ஆகிய பார்களில் அடையாளம் போட்டுப் பெயர் எழுதுங்கள். இதற்குப் பத்து நிமிடம் செலவழித்தால், "எங்கேடா கோரஸ் வரும்" என்று ஒவ்வொரு டேக்கிலும் தேட வேண்டியிருக்காது.

அடுத்து, க்ளிக் போட்டு ஒரு கிட்டாரும் குரலும் வழிகாட்டி ட்ராக்காக. இது எப்படி இருந்தாலும் பரவாயில்லை, கடைசியில் அழித்துவிடுவோம்.

அதன் மேல் டிரம்ஸ். எம்டி பவர் டிரம் கிட் 2 என்ற இலவச பிளகின் ராக்குக்குப் பொருத்தமானது. திறந்ததும் நன்கொடை கேட்கும் திரை வந்தால் `Skip` அழுத்தலாம். உள்ளேயே ஆயத்தத் தாளங்கள் இருக்கின்றன, இழுத்து ட்ராக்கில் போடலாம். நீங்களே எழுதுவதாக இருந்தால் 1, 3-ல் கிக், 2, 4-ல் ஸ்னேர், ஹைஹாட் ஒரு பாருக்கு எட்டு. சரணத்தில் ஹைஹாட், கோரஸில் ரைடு அல்லது திறந்த ஹைஹாட், ஒவ்வொரு பகுதியின் முதல் அடியிலும் க்ராஷ். இயந்திரம் அடிப்பது போல் கேட்பதற்குக் காரணம் எல்லா அடியும் ஒரே பலத்தில் இருப்பது. எட்டு ஹைஹாட்டில் ஒற்றைப்படை அடிகளை 100-க்கும் இரட்டைப்படை அடிகளை 70-க்கும் பக்கத்தில் வையுங்கள், உடனே உயிர் வரும். இரண்டு கை உள்ள ஆள் எதை வாசிக்க முடியாதோ அதை எழுதாதீர்கள்: டாம் உருட்டும் நேரத்தில் ஹைஹாட் நிற்க வேண்டும்.

பிறகு பேஸ், கிட்டார், கடைசியில் குரல். பேஸ் வாசிப்பவர் வழிகாட்டிக் கிட்டாரைக் கேட்காமல் கிக்கைக் கேட்டு வாசிக்க வேண்டும். பேஸும் கிக்கும் விலகினால் பாட்டு முழுக்கத் தளர்ந்து கேட்கும், காரணம் மட்டும் பிடிபடாது.

கிட்டார் ஆம்ப் பிளகின் போட்டால் தேனீக்கூட்டம் மாதிரி "ஸ்ஸ்" என்று எரிச்சலாக இருக்கிறதே?

ஸ்பீக்கர் பெட்டி விடுபட்டிருக்கிறது. இக்னைட் ஆம்ப்ஸ் தரும் எமிசரி போன்ற இலவச பிளகின் ஆம்ப்பின் தலை மட்டும்தான். உண்மையான கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக இறங்கிவிடும், அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாததால்தான் எரிச்சல். அதே நிறுவனத்தின் நாடிர் பிளகினை எமிசரிக்கு அடுத்து வைத்து, ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பிடித்து வைத்த, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கேபினெட் ஐஆர் கோப்பு ஒன்றை ஏற்றுங்கள். நான்கைந்து கோப்புகளை மாற்றி மாற்றிக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். ஆம்ப் குமிழ்களைத் திருகுவதைவிட இந்தத் தேர்வு ஒலியை அதிகம் மாற்றும்.

கனமான ரிதம் வேண்டுமானால் அதே பகுதியை இரண்டு முறை வாசிக்க வேண்டும். ஒன்று முழு இடது, மற்றது முழு வலது. ஒரே டேக்கைப் பிரதி எடுத்து இரு பக்கம் போட்டால் அகலம் வராது. இரண்டும் அச்சு அசல் ஒன்றே என்பதால் காது அதை நடுவில்தான் வைக்கும், சத்தம் மட்டும் கூடும். இரண்டு கைவாசிப்புக்கும் இடையே உள்ள நூலளவு வித்தியாசம்தான் அகலத்தைத் தருகிறது. இப்படி இரட்டிக்கும்போது டிஸ்டார்ஷனை நீங்கள் தனியாக வாசிக்கும் அளவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். அதிக டிஸ்டார்ஷனில் மீட்டல் தெளிவிழந்து, இரண்டும் சேர்ந்து சேறாகும்.

ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் ட்யூன் செய்யுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பியில் பதினோராவது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி நிற்காது. பதிவுக்கு முதல் நாள் புதுக் கம்பி மாட்டி நன்றாக இழுத்துவிட்டு வையுங்கள். அன்றே மாட்டினால் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்.

குரல் எப்படி எடுப்பது? ஒரே டேக்கில் வர வேண்டுமா?

வேண்டாம். முழுப் பாட்டையும் மூன்று முறை பாட வையுங்கள், மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரி வரியாகக் கேட்டு நல்லதை எடுத்து ஒரு ட்ராக்காக ஒட்டுங்கள். மூச்சு எடுக்கும் இடத்தில் வெட்டி, வெட்டில் 10 மில்லி விநாடி க்ராஸ்ஃபேட் கொடுத்தால் ஒட்டு தெரியாது.

பாப் ஃபில்டரை மைக்குக்கு இரண்டு விரல் தள்ளி வையுங்கள். "ப", "ப்ப" வரும் சொற்களில் காற்று மைக்கில் மோதி "தொம்" என்று விழும். அப்படியும் விழுந்தால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரம் நோக்கிக் கொஞ்சம் திருப்புங்கள். கோரஸில் கத்தும்போது ஒரு சாண் பின்வாங்கப் பாடகரைப் பழக்குங்கள். தமிழ்ப் பாட்டில் "ச", "ஸ" சீறினால் மைக்கை மூக்கின் உயரத்துக்கு ஏற்றி, வாயைப் பார்த்துக் கீழே சாய்த்தால் சீற்றம் தணியும்.

மிக்ஸில் எங்கே தொடங்குவது?

எல்லா ஃபேடரையும் இறக்கிவிட்டு கிக், ஸ்னேர், பேஸ் மூன்றை மட்டும் ஏற்றுங்கள். அதன் மேல் குரல், கடைசியில் கிட்டார்கள். கிட்டாரில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பேஸுக்கு இடம் கிடைக்கும், குரலில் 100-க்குக் கீழே வெட்டினால் ஸ்டாண்டு அதிர்வு போகும். குரலுக்கு 4:1 கம்ப்ரசர், பலமான இடத்தில் 5 டெசிபல் வரை இறங்கினால் போதும். மாஸ்டர் மீட்டர் –6-ஐத் தாண்டாமல் வேலை செய்யுங்கள். கைபேசியின் சிறிய ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேளுங்கள். பேஸ் சுத்தமாக மறைந்தால், பேஸ் ட்ராக்கில் கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேர்த்தால் அந்தச் சிறிய ஸ்பீக்கரிலும் சுருதி கேட்கும்.

மழைக்காலத்தில் மைக்கை எப்படிப் பாதுகாப்பது?

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். கண்டென்சர் மைக்கில் ஈரம் ஏறினால் பொரிவது போல் சத்தம் வரும். பெரும்பாலும் உலர்ந்த டப்பாவில் ஒரு நாள் இருந்தால் சரியாகிவிடும். டைனமிக் மைக்குக்கு அந்தக் கவலை குறைவு. பாடிய பின் எஸ்எம்58-ன் வலைத் தலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் பஞ்சைக் காய வைத்தால் நாற்றமும் துருவும் வராது.

பிற்பாடு சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் மிக்ஸ் செய்யக் கொடுக்க நினைக்கிறோம். எப்படிக் கொடுப்பது?

ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி 24 பிட் `WAV` கோப்பாக எடுங்கள். சோலோ 57-ஆவது பாரில்தான் தொடங்கினாலும் கோப்பு முதல் பாரிலிருந்தே தொடங்க வேண்டும். அப்போதுதான் அங்கே எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைத்தால் தானாகப் பொருந்தும். கிட்டாருக்கு இரண்டு கோப்பு கொடுங்கள், ஆம்ப் சத்தத்தோடு ஒன்று, `DI` எனப்படும், எந்த பிளகினும் இல்லாத மொட்டைச் சத்தம் ஒன்று. அவர்கள் தங்கள் ஆம்ப் வழியாக அதை மறுபடி ஓட்டிக்கொள்வார்கள். டிரம்ஸுக்கு கிக், ஸ்னேர், மற்றவை எனப் பிரித்த ஒலிக் கோப்புகளோடு, எந்த அடி எப்போது என்ற குறிப்பு மட்டும் உள்ள மிடி கோப்பையும் சேருங்கள். கோப்பின் பெயரிலேயே கருவியையும் வேகத்தையும் எழுதுங்கள்:

```
01_Kick_120bpm.wav
04_Bass_DI_120bpm.wav
05_GtrLeft_DI_120bpm.wav
06_GtrLeft_Amp_120bpm.wav
```

அனுப்பும் முன் இந்தக் கோப்புகளை ஒரு வெற்றுப் புராஜெக்டில் போட்டு முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ட்ராக் விடுபட்டிருந்தாலோ பாதியில் வெட்டுப்பட்டிருந்தாலோ அங்கேயே தெரிந்துவிடும்.